கடிதத்தை முதலில் எழுது, தம்பி

மாவட்டக் கச்சேரியில் கொஞ்சக் காலம் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த மினிட் தெரியும். பெரியவர் மேசைக்குப் போன குறிப்பு ஓரத்தில் ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும்: "கதைக்கவும்." அதில் கோபமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆனால் வேலை அத்தோடு நின்றுவிடும். கதைக்கப் போனால் அவர் கூட்டத்தில் இருப்பார். கூட்டம் முடிந்ததும் கொழும்புக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த கிழமை போயா வரும். அதற்குள் இன்னும் இருபது கோப்புகள் மேலே ஏறியிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் "பெரியவருக்கு அக்கறை இல்லை" என்று முணுமுணுப்பது எங்கள் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. "நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் காகிதத்தில் இல்லை" என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது.

ஒரு செப்டெம்பர் கடைசியில் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர், தம்பி என்றே வைத்துக்கொள்வோம், அப்படித் திரும்பிய ஒரு குறிப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். விஷயம் மண்சரிவு. ஊவாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மலைச் சரிவில் இருக்கும் ஒரு தொங்கல் லயம். இருபது காம்பரா, இருபது குடும்பம். என்.பி.ஆர்.ஓ. என்று எல்லாரும் சொல்லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்து, ஆபத்து அதிகம் என்று அறிக்கை தந்திருந்தார்கள். லயத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்பு. கடைசி மூன்று காம்பராக்களில் கதவு சட்டத்தில் முட்டிச் சாத்த முடியாமல் இருந்தது. ஒக்டோபர் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் பின்னேர மழை தொடங்கி, வடகிழக்குப் பருவத்தோடு சேர்ந்து ஜனவரி வரை இழுக்கும். ஆகவே ஜீ.ஏ. என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலாளரின் முடிவு சீக்கிரம் வேண்டும்.

தம்பியின் குறிப்பில் பொய் எதுவும் இல்லை. இரண்டு பக்கத்துக்குள்ளும் அடங்கியிருந்தது. முதல் பக்கம் முழுக்க வரலாறு: தேயிலை வந்த கதை, லயம் கட்டிய கதை, தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன கதை. அடுத்த அரைப் பக்கம் அறிக்கையில் இருந்ததை அப்படியே தட்டச்சு செய்தது. பிறகு மூன்று தெரிவு: ஒன்றும் செய்யாதிருத்தல், மக்களுக்கு விழிப்பூட்டல், நிரந்தர மீள்குடியேற்றம். சிபாரிசு மூன்றாவது, "உரிய தரப்பினர் உரிய நடவடிக்கையை விரைந்து எடுக்க வேண்டும்" என்று முடிவு. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இருபது வருடமாக மலைநாட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு லயம் என்றால் என்ன என்று முக்கால் பக்கம் விளக்கியிருந்தார். அவருக்குத் தெரியாதது, அதாவது அன்று பின்னேரம் எதில் கையெழுத்துப் போடுவது என்பது, எங்கேயும் இல்லை.

அந்தத் தெரிவுகளையும் கொஞ்சம் பாருங்கள். முதல் இரண்டையும் யாரும் தெரிவு செய்ய மாட்டார்கள். மூன்றாவது ஜெயிப்பதற்காகவே அவை இரண்டும் நிற்கின்றன. வாசிப்பவர் அனுபவசாலி என்றால் இதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததும் மற்ற வரிகளையும் நம்பாமல் போய்விடுவார். தெரிவு என்று எழுதினால், எதிர்த்தரப்பில் இருக்கும் புத்திசாலி ஒருவர் அதற்காக உண்மையிலேயே வாதாடக்கூடியதாக இருக்க வேண்டும்.

எந்த நாற்காலிக்கு?

"தம்பி, குறிப்பை விடுங்கள். ஜீ.ஏ. கையெழுத்துப் போடப்போகும் கடிதத்தை முதலில் எழுதுங்கள்" என்றேன்.

"குறிப்பு பாஸான பிறகுதானே அக்கா கடிதம்?"

"இல்லை. கடிதம் எழுத வந்தால்தான் குறிப்பு எழுத வரும். எழுதிப் பாருங்கள்."

மேசையில் உட்கார்ந்து தொடங்கினார். யாருக்கு என்று எழுதும் இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. இருபது குடும்பத்துக்கும் புதிய இடத்தில் வீடு என்றால் காணி வேண்டும். காணி அரசுடையது, ஆனால் நீண்டகாலக் குத்தகையில் கம்பனியிடம் இருக்கிறது. அதை விடுவிப்பது பெருந்தோட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சும் கம்பனியும் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. மாற்று இடத்தையும் என்.பி.ஆர்.ஓ. பார்த்துச் சரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் குடி மாற்றியதாகிவிடும். அப்புறம் அளவை, பாதை, தண்ணீர், வீட்டுக்கான நிதி. இவற்றில் எதையும் மாவட்டச் செயலாளர் ஒரு கையெழுத்தால் முடிக்க முடியாது. கேட்கலாம், வற்புறுத்தலாம், கூட்டத்துக்குக் கூப்பிடலாம். கொஸ்லாந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் புதைந்தன. நாடே பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்து மக்களுக்கே புதிய வீடு கையில் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. நமக்கு இருந்ததோ மழைக்கு முன் இரண்டு கிழமை.

தம்பி கடிதத்தை நாலைந்து முறை வெட்டித் திருத்திவிட்டு, "இதை யாருக்கு அனுப்பினாலும் இந்த மழைக்கு ஒன்றும் நடக்காது அக்கா" என்றார். எல்லாம் திரும்பிய இடம் அதுதான். அதுவரை அவர் பிரச்சினையைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, அந்த நாற்காலியில் இருப்பவரால் அந்தக் கிழமையே என்ன ஆகும் என்று தேடத் தொடங்கினார். மாவட்டத்தின் அனர்த்த முகாமைத்துவக் கூட்டத்துக்கு ஜீ.ஏ. தலைமை தாங்குகிறார். பிரதேச செயலாளர்களும் அவர்கள் வழியாகக் கிராம சேவகர்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். வலயக் கல்விப் பணிப்பாளரிடம் பாடசாலை மண்டபத்தைக் கேட்டால் கிடைக்கும். தோட்டத் தொரைக்கு உத்தரவு போட முடியாவிட்டாலும் அவர் கடிதத்தைத் தொரை குப்பையில் போடமாட்டார். இதற்குள் ஆகக்கூடிய நல்ல காரியம் எது? இதுதான் இரண்டு பக்கத்தின் கேள்வி.

மூன்று நேர்மையான தெரிவு

முதலாவது, இப்போது நடப்பதை அப்படியே விடுவது. இதை "ஒன்றும் செய்யாதிருத்தல்" என்று எழுதக் கூடாது, ஏனென்றால் உண்மையில் ஓர் ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, அதாவது வெளியேறு என்பது என்.பி.ஆர்.ஓ.வின் கணக்கு. எச்சரிக்கை மாவட்ட அனர்த்தப் பிரிவுக்கு வரும், அங்கிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து கிராம சேவகர், அங்கிருந்து தோட்டம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. தம்பி அந்த வழியை ஆள் ஆளாகப் போன் போட்டுச் சரிபார்த்தார். கிராம சேவகர் டவுனில் இருந்து வந்து போகிறவர். லயத்தில் மழை நாளில் சிக்னல் இருக்காது. மழை மானி இருப்பது பக்கத்து மலையில். இந்தச் சரிவில் கொட்டுவதும் அங்கே கொட்டுவதும் ஒன்றல்ல. இரவு ஒரு மணிக்கு சிவப்பு வந்தால், அதை அந்த லயத்தின் கதவில் போய்த் தட்டுபவர் யார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. செலவில்லாத தெரிவு இது. ஆனால் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று குறிப்பில் அப்படியே எழுதினோம்.

இரண்டாவது, மழைக்காலம் முடியும்வரை இருபது குடும்பத்தையும் வெளியே கொண்டுபோவது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதுதான் மேல். ஆனால் எங்கே? பாடசாலையில் மூன்று மாதம் ஆளை வைக்க முடியாது. பிள்ளைகள் படிக்க வேண்டும். தோட்டத்தில் சும்மா கிடக்கும் பழைய குவாட்டர்ஸில் உருப்படியான அறை நாலு, கக்கூஸ் ஒன்று. தம்பி லயத்துக்குப் போய்க் கேட்டபோது ஓர் அம்மா சொன்னதைக் குறிப்பில் போட முடியவில்லை, இங்கே போடுகிறேன்: "சட்டி பானையைத் தூக்கிட்டுப் போய் ஒரு கெழம இருப்போம் தம்பி, அப்புறம் வெயில் அடிச்சா திரும்பி வந்துருவோம்." போன முறை அப்படித்தான் வந்திருக்கிறார்கள். வந்தவர்களைத் திரும்ப எழுப்புவது முன்னைவிடக் கஷ்டம்.

மூன்றாவதை உருவாக்கித் தந்தது ஒரு பழைய பதிவேடு. எல்லாத் தோட்டத்திலும் மழைக் கணக்கு எழுதும் வழக்கம் உண்டு என்பது மலைநாட்டு ஆட்களுக்குத் தெரியும். தினமும் காலையில் மானியைப் பார்த்து எழுதி வைப்பார்கள், இன்னும் பல இடத்தில் அங்குலத்தில்தான். 75 மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய மூன்று அங்குலம். தம்பி அலுவலகத்தில் உட்கார்ந்து, முந்தின சில வருட ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான பக்கங்களைப் புரட்டி, மூன்று அங்குலத்தைத் தொட்ட நாட்களைப் பென்சிலால் குறித்தார். மோசமான பருவத்திலும் அது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மூன்று மாதம் வெளியே இரு என்றால் மறுப்பவர்கள், ஒரு பருவத்தில் நாலைந்து இரவு மண்டபத்தில் படு என்றால் யோசிப்பார்கள் இல்லையா? கேட்டுப் பார்த்தார். யோசித்தார்கள்.

ஆகவே சிபாரிசு இப்படி வந்தது. லயத்துக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஒரு மழை மானி. அங்கே பொறுப்பாக இருப்பவர் தினமும் மாலை 4 மணிக்கு அளவைப் பார்த்து, எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுவார். ஆகவே அடுத்த நாள் 4 மணிக்கு இருப்பது சரியாக 24 மணித்தியால மழை. அது 75ஐத் தொட்டிருந்தால், சிவப்புக்குக் காத்திருக்காமல், இருட்டுவதற்கு முன் இருபது குடும்பமும் பாடசாலை மண்டபத்துக்கு நடக்க வேண்டும். 150இல் எழுப்புவதைவிட 75இல் நடக்க வைப்பது ஏன் என்பதற்கு ஒரே காரணம், வெளிச்சம். வழுக்கும் படிக்கட்டில், கிழவியையும் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, நடு இரவில், மழையில் இறங்கச் சொன்னால் பாதிப்பேர் இறங்க மாட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கப் போன் போட வேண்டியதில்லை, அளவே உத்தரவு. இதுதான் ஜீ.ஏ.யின் கையெழுத்துக்கு இருந்த வேலை.

காகிதத்தில் எது எங்கே

புதிய குறிப்பின் முதல் வரி இது: "ஒக்டோபர் 5க்கு முன் இணைப்பில் உள்ள கடிதத்தில் தங்கள் ஒப்பம் வேண்டப்படுகிறது." தலைப்புக்கு அடியிலேயே. பெரியவர் அதற்கு மேல் ஒரு வரியும் வாசிக்காவிட்டாலும் எதற்காக வந்தோம் என்று தெரிந்துவிடும். பிரச்சினைக்கு ஒரே பந்தி, அதில் இடம், குடும்ப எண்ணிக்கை, வெடிப்பு, மழை தொடங்கும் காலம் மட்டும். வரலாறு முழுக்கப் போய்விட்டது. ஒரு வரலாற்று வரியை மட்டும் நான் வைத்திருக்கச் சொன்னேன்: மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது என்பது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தும் ஆள் நகராமல் போகலாம் என்பதற்கு இந்த மாவட்டத்தில் வேறு விளக்கம் தேவையில்லை.

மூன்று தெரிவுக்கும் ஒவ்வொரு பந்தி. ஒவ்வொன்றிலும் யார் செய்ய வேண்டும், என்ன செலவு, எங்கே பிழைக்கும் என்பது இருக்கும். சிபாரிசுக்கு ஒரு பந்தி, ஒரே ஒரு செயல். தம்பி இங்கே "அத்துடன் நிரந்தர மீள்குடியேற்றத்துக்கான ஆரம்ப நடவடிக்கைகளும்" என்று மெல்லச் செருகப் பார்த்தார். வேண்டாம் என்றேன். இரண்டு காரியம் கேட்டால், எளிதானது நடக்கும், அல்லது இரண்டும் சேர்ந்து கூட்டத்துக்கு ஒத்திப்போகும்.

கடைசிப் பந்தியில் நம் சிபாரிசின் பலவீனத்தை நாமே எழுதினோம். நாள்கணக்காகத் தூறி மண் ஊறிக் கிடந்தால் 75 வராமலேயே சரிவு நகரலாம். ஆகவே வெடிப்பு அகன்றாலும், வழக்கமில்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலும், தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று சேறாகக் கலங்கினாலும் அளவைப் பார்க்காமல் வெளியேற வேண்டும் என்று கடிதத்திலும் சேர்த்தோம். இன்னொன்று, இரண்டு தரம் நடந்து போய் ஒன்றும் ஆகவில்லை என்றால் மூன்றாம் தரம் ஆட்கள் அசையமாட்டார்கள். அதற்கு மருந்து எங்களிடம் இருக்கவில்லை, அப்படியே எழுதிவிட்டோம். இந்தப் பந்தியைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள், நம் காலில் நாமே வெட்டிக்கொள்வது போல. ஆனால் பெரியவர் அடுத்துக் கேட்கப் போவது அதைத்தான். காகிதத்தில் பதில் இருந்தால் "கதைக்கவும்" தேவைப்படாது.

கடிதம் மூன்றாம் தாளில், ஒப்பத்துக்கு இடம் விட்டு. அதில் ஆள் பெயர் இல்லை, பதவி இருந்தது. ஒவ்வொரு பதவிக்கும் அவர் இல்லாத நாளில் யார் என்பதும் இருந்தது. மானி பார்ப்பவர், மண்டபத்துச் சாவி வைத்திருப்பவர், சமைத்த சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர். சாவி என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அதிபர் சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டால் இருபது குடும்பம் மழையில் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும்.

குறிப்பு போன மறுநாளே ஜீ.ஏ. கூப்பிட்டார். இரண்டு கேள்வி. "மழை நாலு மணிக்குப் பிறகுதானே தொடங்கும், அப்போ?" நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒக்டோபர் மழையின் குணமே அதுதான், மத்தியானம் வெயில் அடித்து, பின்னேரம் இருண்டு, இரவு எட்டு ஒன்பதுவரை கொட்டும். அங்கேயே உட்கார்ந்து, இரவு 8 மணிக்கு இரண்டாவது தரம் பார்க்க வேண்டும், மாலை எழுதியதோடு கூட்டி 100 தாண்டினால் இருட்டானாலும் வெளியேற வேண்டும், அதற்கு டோர்ச் லைட் பிள்ளைக் காம்பராவில் இருக்க வேண்டும் என்று மூன்று வரி சேர்த்தோம். இரண்டாவது கேள்வி: "அடுத்த நாள் பிரட்டுக்கு யார் போவார்?" மண்டபத்தில் படுத்தவர் காலையில் லயத்துக்குப் போய், சமைத்து, பிள்ளையை அனுப்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். பேர் போகும் என்றால் முதல் நாளே வரமாட்டார்கள். அன்று மட்டும் பிந்தி வந்தாலும் பேர் போடும்படி தொரைக்குத் தனிக் கடிதம் எழுதச் சொன்னார். அது உத்தரவு இல்லை, வேண்டுகோள்தான். இருந்தாலும் எழுதினார். மற்றதில் ஒப்பம் வைத்துத் தந்தார்.

தலைவர் கேட்டது

இத்தனையும் சரி என்றுதான் நினைத்திருந்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தோட்டத்துக்குப் போன அன்று, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "மிஸ், நாங்க வீடு கேட்டோம். நீங்க மழை மானி குடுத்திருக்கீங்க. அடுத்த வருஷம் யாராவது கேட்டா, அங்கதான் ஏற்பாடு இருக்கேன்னு சொல்லமாட்டாங்களா?"

சொல்வார்கள். இதைத்தான் என்னால் இன்னும் தள்ளிவிட முடியவில்லை. ஒரே செயல், ஒரே கையெழுத்து, இந்தக் கிழமை ஆகக்கூடியது என்று பிரச்சினையைச் செதுக்கும்போது, அந்த நாற்காலிக்கு அடங்காதது எல்லாம் காகிதத்தை விட்டு வெளியே விழுகிறது. வெளியே விழுந்தது பெரும்பாலும் பெரியதாகவே இருக்கும். இதற்காக இரண்டு பக்கத்தில் எழுதுவதே பிழை என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. தம்பியின் முதல் குறிப்பில் வீடு இருந்தது, ஆனால் அது வீடும் தரவில்லை, அந்த மழைக்கு ஒரு மண்டபமும் தரவில்லை. வெளியே விழுந்ததற்கு இன்னொரு குறிப்பு, இன்னொரு நாற்காலி, இன்னொரு கடிதம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்த இரண்டாவது குறிப்பை எழுதாமல் விடுகிற அலுவலகங்களுக்குத் தலைவர் சொன்னது அப்படியே பொருந்தும்.

நாங்கள் எழுதினோம். அமைச்சின் செயலாளருக்கு, ஜீ.ஏ. வழியாக. வீடு தாருங்கள் என்று கேட்கவில்லை. குடும்பத்துக்கு 7 பேர்ச் வீதம் இருபது குடும்பத்துக்கு 140 பேர்ச், ஓர் ஏக்கருக்கும் குறைவு. பாதைக்கும் வடிகானுக்கும் விட்டாலும் ஒன்றரை ஏக்கருக்குள் அடங்கும். அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பதை நிறுத்திக் காடாகிக் கிடக்கும் மலைகளில் இரண்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை என்.பி.ஆர்.ஓ. வந்து பார்ப்பதற்குக் கம்பனியின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுத் தரும்படி மட்டும் கேட்டோம். அமைச்சின் செயலாளர் ஒரு கடிதத்தால் செய்யக்கூடியது அது. அந்தக் கடிதத்தையும் எழுதி இணைத்திருந்தார் தம்பி. கடைசியாக நான் விசாரித்தபோது ஒரு மலைக்குச் சம்மதம் வந்திருந்தது, மற்றதற்குக் கம்பனி இன்னும் பதில் எழுதவில்லை.